ஒரு படத்துக்கு ஒரு வரி: தீபாவளிப் பட்டுக்கு லுக்புக் எழுதும் முறை

இன்ஸ்டாகிராமில் ஒரே பதிவுக்குள் பல படங்களை அடுக்கி, விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும்படி அமைப்பதற்குக் கேரசல் என்று பெயர். பண்டிகைக்கு வந்த புடவைகளை இப்படி வரிசையாகக் காட்டும் தொகுப்பைத் துணிக்கடைக்காரர்கள் லுக்புக் என்கிறார்கள். படத்தைத் தள்ளிக்கொண்டே போகிறவர் பத்தி பத்தியாகப் படிப்பதில்லை. அதனால் ஒவ்வொரு படத்தின் மேலும் ஒரே ஒரு வரிதான் எழுத முடியும். ஐந்து முதல் எட்டுச் சொல் வரை போதும். கண்ணால் பார்த்தால் தெரியாத ஒரு செய்தியைச் சொல்வதே அந்த வரியின் வேலை. சிவப்புப் புடவையின் மேல் “அழகிய சிவப்புப் புடவை” என்று எழுதினால் படம் ஏற்கெனவே சொன்னதையே வரியும் சொல்கிறது.

காஞ்சிபுரத்தில் கைத்தறிப் பட்டு விற்கும் ஒருவர் தீபாவளிக்கு மூன்று புடவைகளை எட்டுப் படங்களில் காட்டுவதாக வைத்துக்கொள்ளலாம். முதல் படம் மூன்று புடவைகளும் மடித்து அடுக்கிய காட்சி. அதற்கான வரி: “தீபாவளிக்கு மூன்று காஞ்சிப் பட்டு, மூன்றும் கோர்வை.” எந்தப் பண்டிகை, எத்தனை புடவை, எந்த வகை நெசவு என்ற மூன்றும் இதில் வந்துவிடுகின்றன. “பாரம்பரியத்தின் பெருமிதம்” போன்ற வரியை எந்தக் கடையும் எந்தத் துணிக்கும் எழுதலாம்.

இரண்டாவது படம் முதல் புடவையின் முழுத் தோற்றம். “அரக்கு உடல், பச்சைக் கரை, மூன்று நாடா நெசவு.” முதல் படத்தைத் தள்ளாமல் கடந்துபோனவருக்கு அதே பதிவை மறுபடி காட்டும்போது இன்ஸ்டாகிராம் சில சமயம் இரண்டாவது படத்திலிருந்து தொடங்கும். ஆகவே இந்த வரி முதல் படத்தைப் பார்க்காதவருக்கும் தனியே புரிய வேண்டும். முதல் வரியில் பாதியும் இரண்டாவது வரியில் மீதியுமாக ஒரே வாக்கியத்தை உடைத்து எழுதுவது இந்த இடத்தில்தான் காலை வாரும்.

மூன்றாவது படம் உடலும் கரையும் சேரும் இடத்தின் நெருக்கமான காட்சி. “கரையில் உடலின் நிறம் கலக்கவில்லை, அதுதான் கோர்வை.” லுக்புக்கின் உயிர் இந்த வரியில் இருக்கிறது. சாதாரண நெசவில் ஊடை நூல் ஒரு கரையில் தொடங்கி மறு கரை வரை ஓடும். கரையின் பாவு பச்சையாக இருந்தாலும் குறுக்கே ஓடுவது அரக்கு ஊடை என்பதால் பச்சை மங்கிக் கலங்கித் தெரியும். கோர்வையில் உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைகளுக்கும் ஒவ்வொரு நாடா என மூன்று நாடாக்கள் ஓடுகின்றன. ஒவ்வோர் ஓட்டத்திலும் உடல் ஊடையும் கரை ஊடையும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்கின்றன. அதனால் கரையில் பாவும் பச்சை, ஊடையும் பச்சை. நிறம் தெளிவாக நிற்கிறது. தறியில் நெசவாளருக்கு உதவியாக இன்னொருவரும் உட்கார வேண்டியிருப்பதால் கூலியும் கூடுகிறது. இவ்வளவையும் படத்தின் மேல் எழுத முடியாது. எங்கே பார்க்க வேண்டும் என்று மட்டும் வரி காட்டிவிட்டால் மீதியைப் படம் மெய்ப்பித்துவிடும்.

நான்காவது படத்தில் இரண்டாவது புடவை. “மயில்கழுத்து: வெளிச்சத்தில் நீலம், மடிப்பில் பச்சை.” பாவு ஒரு நிறமும் ஊடை வேறு நிறமுமாக நெய்த பட்டு, பார்க்கும் கோணத்துக்கேற்ப நிறம் மாறும். அசையாத படத்தில் ஒரு நிறம்தான் விழும். வரி இதைச் சொல்லாவிட்டால், புடவை கைக்கு வந்ததும் “படத்தில் வேறு நிறம் இருந்ததே” என்ற புகார் வரும். அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, கத்திரிப்பூ என்று புடவைக்காரர்கள் வழங்கும் பெயர்கள் வெறும் சிவப்பு, பச்சையைவிடத் துல்லியமானவை. ஒவ்வொரு கைப்பேசித் திரையும் நிறத்தை ஒவ்வொரு விதமாகக் காட்டுவதால், வாங்குபவர் மனத்தில் சரியான நிறத்தைப் பதியவைப்பது பெரும்பாலும் இந்தப் பெயர்தான்.

ஐந்தாவது படம் அதே புடவையின் முந்தானை. “முந்திப் பாவு இழை இழையாக இணைத்தது, மேடு தெரிகிறதா?” உடல் பாவும் முந்தானைப் பாவும் வேறு நிறமாக இருக்கும்போது இழை இழையாக முறுக்கி இணைப்பதைப் பிட்னி என்கிறார்கள். இணைத்த இடத்தில் மெல்லிய மேடான கோடு விழும். விவரம் தெரியாதவர் இதை நெசவுக் குறை என்று நினைத்துத் திருப்பி அனுப்பக்கூடும். ஆகவே முன்கூட்டியே அதை வேலைப்பாடாக அறிமுகப்படுத்திவிடுவது நல்லது.

ஆறாவது படம் மூன்றாவது புடவை. “எடை 520 கிராம், விருந்து முடியும் வரை தோளை அழுத்தாது.” தராசில் நிறுத்துப் பார்த்த எண்ணாக இருந்தால் மட்டுமே இப்படி எழுதலாம். “மிகவும் இலகு” என்பதற்கு ஒவ்வொருவரும் ஒவ்வோர் அளவு வைத்திருக்கிறார்கள்.

ஏழாவது படம் ஜரிகை. அசல் ஜரிகை என்பது பட்டு நூலில் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. டெஸ்டட் ஜரிகையில் வெள்ளிக்குப் பதில் செம்பு. எந்த ஜரிகையோ அதையே எழுத வேண்டும்: “டெஸ்டட் ஜரிகை; அதனால் இந்த விலை.” முத்திரைகளைச் சொல்லும்போதும் கவனம் தேவை. சில்க் மார்க் துணி தூய பட்டு என்று மட்டுமே சொல்கிறது. கைத்தறியில் நெய்ததா என்பதை அது சொல்வதில்லை, ஜரிகையைப் பற்றியும் பேசுவதில்லை. கைத்தறிக்கு 2006-இல் வந்த ஹேண்ட்லூம் மார்க் தனி. காஞ்சிபுரம் பட்டு புவிசார் குறியீடு பெற்ற பெயர் என்பதால் வேறு ஊரில் நெய்த புடவைக்கு அதை வைக்கக் கூடாது.

எட்டாவது படத்தில் வாங்கும் வழி. தீபாவளி நவம்பர் 8 எனில், ரவிக்கை தைக்கப் பத்து நாள், கூரியருக்கு ஐந்து நாள் கழித்தால் அக்டோபர் 24 கடைசி நாள். “ரவிக்கை தைக்க நேரம் வேண்டும், அக்டோபர் 24-க்குள் சொல்லுங்கள்.” கெடு எங்கிருந்து வந்தது என்பது வரியிலேயே தெரிவதால் அவசரப்படுத்துவதாகத் தோன்றாது. விலை, நீளம், துவைக்கும் முறை ஆகியவை படத்துக்குக் கீழுள்ள குறிப்பில் வரலாம். அந்தக் குறிப்பு மடிந்தே தெரியும் என்பதால் விலை அதன் முதல் வரியிலேயே இருக்க வேண்டும்.

எழுதிய வரியைப் படத்தில் ஏற்றும்போது தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. சில வடிவமைப்பு மென்பொருள்களில் “கொ”, “கை” போன்ற எழுத்துகளின் கொம்பு இடம் மாறி விழும். ஏற்றிய படத்தைக் கைப்பேசியில் திறந்து எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்ப்பதே வழி. கரை வேலைப்பாட்டின் மேல் எழுதினால் எழுத்தும் தெரியாது, கரையும் மறையும். உடலின் வெற்றிடமே எழுத்துக்கு ஏற்றது.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கண்ணில் இணையத்தில் வரும் இந்த வரிகளும் விளம்பரம்தான். தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். பில்லில் எழுதத் துணியாத சொல்லைப் படத்தின் மேலும் எழுதக் கூடாது.