‘வரை’ என்கிற ஒரு சொல்

2025 தீபாவளிக்கு ஐந்து வாரம் இருந்தபோது, திண்டுக்கல் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். அப்பாவும் இரண்டு மகன்களும் சேர்ந்து நடத்துகிற கடை அது. நான் அச்சகத்தில் கடை நோட்டீஸ்களுக்கு வாசகம் எழுதுகிறவன். அவர் கொண்டுவந்த தாளில் பெரிய மகன் கையெழுத்தில் ஒரே வரி இருந்தது: “அனைத்து ரகங்களுக்கும் 40% வரை தள்ளுபடி!”

“இதைப் பெரிசாப் போட்டுடு தம்பி. மத்தது உன் இஷ்டம்” என்றார்.

அந்த வரியில்தான் சிக்கல். ‘அனைத்து’ என்ற சொல் எல்லாத் துணிக்கும் உண்டு என்கிறது. ‘வரை’ என்ற சொல் எதற்கு எவ்வளவு என்று சொல்ல மறுக்கிறது. நோட்டீஸைப் பார்த்து வருகிறவர் மனதில் 40 நிற்கும், ‘வரை’ நிற்காது. பில் போடும் இடத்தில் 10 சதவீதம் என்றதும் முகம் மாறும். பெருநகரத்துப் பெரிய கடையில் அந்த முகத்தை யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். ஊர்க்கடையில் அவர் அடுத்த தெருக்காரர்.

“எதுக்கய்யா 40 தர்றீங்க?” என்று கேட்டேன். சென்ற ஆண்டு விற்காமல் நின்ற சேலைகளும் பாவாடை தாவணி செட்டுகளும் ஒரு அலமாரி நிறைய இருக்கின்றன என்றார். புது வரவுக்கு அவ்வளவு தர முடியாது. ஏன் முடியாது என்பதற்கு அவர் சொன்ன கணக்கு எளிமையானது. ஒரு காட்டன் சேலை கொள்முதல், வண்டி வாடகை, கடைச் செலவு எல்லாம் சேர்த்து 700 ரூபாய்க்கு வந்து விழுகிறது. 1,000 ரூபாய்க்கு விற்றால் 300 மிச்சம். 30 சதவீதம் தள்ளினால் மிச்சம் ஒன்றுமில்லை, 40 தள்ளினால் சேலைக்கு 100 ரூபாய் கையை விட்டுப் போகும். 10 சதவீதம் தள்ளினாலே மிச்சம் 200 ஆகிவிடும். வழக்கமாக 100 சேலையில் கிடைக்கும் 30,000 ரூபாயை எடுக்க 150 சேலை விற்றாக வேண்டும். தீபாவளிக் கூட்டத்தில் அது நடக்கக்கூடியதுதான். ஆகவே புதுச் சரக்குக்கு 10 என்பதே அவரால் தாங்கக்கூடிய எண். நின்ற சரக்கின் கதை வேறு. அதில் முடங்கிய பணம் திரும்பினாலே போதும் என்ற நிலை. 40 அங்கேதான் உண்மை.

அப்படியானால் இரண்டையும் தனித்தனியாக எழுதிவிடலாமே. பெரியவருக்கு முதலில் மனம் வரவில்லை. 10 என்று போட்டால் யார் வருவார்கள் என்றார். 40 உள்ள அலமாரி கடையின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் நோட்டீஸிலேயே போடுவோம், வருகிறவர் நேரே அங்கே போவார் என்று சொன்ன பிறகு ஒப்புக்கொண்டார்.

அடுத்து வந்தது ‘பட்டு’. 1,499 ரூபாய்க்கு ‘பட்டுச் சேலை’ என்று எழுதச் சொன்னார். மணப்பெண் கட்டுகிற மாதிரியான அசல் பட்டுச் சேலை அந்த விலைக்கு வராது. வருவது பாலியஸ்டர் இழையில் நெய்த சேலை. வியாபாரத்தில் அதை ஆர்ட் சில்க் என்கிறார்கள். சோதிக்க ஒரு இழை போதும். ஓரத்தில் உருவிக் கொளுத்தினால் அசல் பட்டு தலைமுடி கருகும் நாற்றத்தோடு எரிந்து, விரலில் பொடியும் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி, கெட்டியான மணியாக இறுகும். பட்டு என்று நம்பி வாங்கியவர் வீட்டில் இந்தச் சோதனையைச் செய்தால் கடைக்குத்தான் கெட்ட பெயர். ‘ஆர்ட் சில்க்’ என்றே போட்டோம். அந்தச் சேலை அப்படியும் விற்கும். கசங்காது, வீட்டிலேயே துவைக்கலாம், அதற்கென்று வாங்குகிறவர்கள் நிறைய.

சின்ன மகன் சொன்னது சுங்குடி. “அண்ணே, காட்டன் சுங்குடி 699-னு போட்டா கூட்டம் குவியும்.” எத்தனை இருக்கிறது என்று கேட்டேன். 120 என்றான். எண்ணிக்கையைப் போடாமல் விலையை மட்டும் பெரிதாகப் போட்டால், மூன்றாம் நாள் வருகிறவர் ஏமாந்து திரும்புவார். இது நம் மனச்சாட்சியோடு முடிகிற விஷயமும் இல்லை. தவறான விளம்பரங்களைத் தடுக்க 2022-ல் மத்திய அரசு கொண்டுவந்த வழிகாட்டுதல்களில் இதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. குறைந்த விலையைக் காட்டி அழைத்தால் அந்த விலைக்குப் பொருள் போதுமான அளவு இருக்க வேண்டும், குறைவாக இருந்தால் அதைச் சொல்ல வேண்டும். அதே வழிகாட்டுதல், நிபந்தனை வரியும் சலுகை வரி இருக்கிற அதே மொழியில், அதே எழுத்தில், கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும் என்கிறது. தமிழில் சலுகையைப் போட்டுவிட்டு, அடியில் எறும்பு ஊர்வதுபோல ஆங்கிலத்தில் நிபந்தனை போடுவது எங்கள் தொழிலில் பரவலான பழக்கம். அது தவறு.

கடைசியில் அச்சுக்குப் போனது இது:

தீபாவளிப் புத்தாடை விற்பனை
26 செப்டம்பர் 2025 முதல் 19 அக்டோபர் 2025 வரை
புது வரவுகளுக்கு 10% தள்ளுபடி
சென்ற ஆண்டுச் சேலைகள், பாவாடை தாவணி செட்: 40% தள்ளுபடி (நுழைந்ததும் வலப்பக்க அலமாரி)
காட்டன் சுங்குடி ரூ.699. 120 சேலைகள் மட்டும்
ஆர்ட் சில்க் சேலை ரூ.1,499
ரூ.699, ரூ.1,499 இரண்டும் இறுதி விலை
பள்ளிச் சீருடைக்குத் தள்ளுபடி இல்லை

தேதியில் ஆண்டு இருப்பதைக் கவனியுங்கள். காகித நோட்டீஸ் பேப்பரோடு வீட்டுக்குள் வந்து, இரண்டு நாளில் பழைய பேப்பர் கட்டுக்குள் போய்விடும். வாட்ஸ்அப் படம் போகாது. முன்பு வேறொரு கடைக்கு நானே ‘18-ம் தேதி வரை’ என்று மாதமும் ஆண்டும் இல்லாமல் எழுதிக் கொடுத்தேன். அடுத்த மாதம் அந்தப் படம் யார் யாரோ கைமாறி ஒரு கிராமத்துக்குப் போய், அங்கிருந்து ஒரு அம்மா இரண்டு பிள்ளைகளோடு பேருந்து ஏறி 17-ம் தேதி கடைக்கு வந்துவிட்டார். கைபேசியில் படத்தைக் காட்டினார். அதில் எந்தப் பொய்யும் இல்லை. கடைக்காரர் சலுகை விலைக்கே கொடுத்தனுப்பினார். தவறு என்னுடையது. அன்றிலிருந்து ஆண்டு இல்லாமல் நான் தேதி எழுதுவதில்லை.

கைபேசிக்கான படத்தில் மேலே உள்ள எட்டு வரியையும் திணித்தால் யாரும் படிக்க முடியாது. கடைப்பெயரும் ஊரும், ஒரே ஒரு சலுகை, முழுத் தேதி, அவ்வளவே. 40% அலமாரிக்கு ஒரு படம், சுங்குடிக்கு ஒரு படம். 120-ம் தீர்ந்த அன்றே அந்தப் படத்தின் மேல் ‘தீர்ந்தது’ என்று எழுதி மறுபடி போடச் சொன்னேன். சின்ன மகன் ஒன்பதாம் நாளே போட்டான்.

நிறம்தான் கடைசித் தொல்லை. கைபேசித் திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு மையால் காட்டுகிறது. திரையில் பளிச்சென்று இருக்கும் மயில்கழுத்து நிறம் தாளில் மங்கும், அரக்கு கறுத்துப் போகும். அதனால் மாதிரித் தாளையும் அசல் சேலையையும் வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் ஒன்றாக வைத்துப் பார்த்த பிறகே அச்சு ஓட்டினோம்.

அடுத்த முறை தள்ளுபடி நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வந்தால் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். ‘வரை’ என்று இருந்தால், பில் போடுமுன் “எதுக்குங்க அந்த 40?” என்று கேளுங்கள். போட்டதைத் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் சொல்லலாம். நோட்டீஸைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள், சாட்சி அதுதான்.