எண்ணெயில் கொதிப்பது தண்ணீர்

மசாலா தடவிய லெக் பீஸைச் சூடான எண்ணெயில் போட்டதும் சடசடவென்று நுரை பொங்கும். எண்ணெய் கொதிப்பதாகத்தான் பார்ப்பவர்களுக்குத் தோன்றும். உண்மையில் அங்கே கொதிப்பது தண்ணீர். மாவிலும் தோலிலும் கறியிலும் உள்ள ஈரம் 100 டிகிரி செல்சியஸைத் தொட்டதும் ஆவியாகி வெளியே பாய்கிறது. சிக்கன் பொரிப்பதில் நடக்கும் நல்லது கெட்டது எல்லாவற்றையும் இந்த ஆவியை வைத்தே விளங்கிக்கொள்ளலாம்.

ஈரம் இருக்கும்வரை மேல்மாவின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. முதலில் மாவிலுள்ள ஸ்டார்ச் தண்ணீரை உறிஞ்சி வெந்து, கூழ் போலாகிறது. ஆவி அதைத் துளைத்துக்கொண்டு வெளியேற, நுண்ணிய துளைகளோடு அந்தக் கூழ் காய்ந்து இறுகுகிறது. கடித்தால் நொறுங்குவது இந்தத் துளை நிறைந்த ஓடுதான். அது காய்ந்த பிறகே அதன் சூடு 140 டிகிரிக்கு மேல் ஏறி, பொன்னிறமும் வறுத்த மணமும் வருகின்றன. மைதாவை மட்டும் போட்டால் அதன் பசைத்தன்மையால் ஓடு சற்று ரப்பராகும். அரை கிலோ கறிக்கு இரண்டு மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளார், ஒரு மேசைக்கரண்டி அரிசி மாவு என்பது நல்ல அளவு. தயிர் சேர்த்து ஊறவைத்திருந்தால், சொட்டும் நீரை வடித்துவிட்டே மாவில் புரட்ட வேண்டும்.

வெளியே பாயும் ஆவி இன்னொரு வேலையும் செய்கிறது: எண்ணெயை உள்ளே வரவிடாமல் தடுக்கிறது. எண்ணெய் 140 டிகிரிக்குக் கீழே இறங்கினால் ஆவியின் வேகம் குறைந்துவிடும். ஓடு காயவே நெடுநேரமாகும். மாவு கறியை விட்டுக் கழன்று, எண்ணெய் குடித்து, சொதசொதவென்றிருக்கும். எண்ணெய் காய்ந்துதான் இருந்தது, ஆனாலும் இப்படி ஆகிவிட்டது என்று பலர் குறைப்படுவார்கள். ஒரு லிட்டர் எண்ணெயில் குளிர்ந்த துண்டுகளை ஒரே ஈடாக நெருக்கிப் போட்டால் 20, 30 டிகிரி சட்டென்று இறங்கிவிடும் என்பதுதான் காரணம். வாணலியின் பரப்பில் பாதியாவது காலியாக இருக்கும்படி ஈடு போட்டால் இந்தத் தொல்லை இல்லை.

மேலே கருகி உள்ளே பச்சையாக இருப்பது இதற்கு நேரெதிரான சிக்கல். எண்ணெய் எவ்வளவு சூடாக இருந்தாலும், கறியின் உட்பக்கத்துக்குச் சூடு மெல்லத்தான் நகர்ந்து போகும். தடிமன் இரண்டு மடங்கானால் நடுப்பகுதி வேக ஏறத்தாழ நான்கு மடங்கு நேரம் பிடிக்கும். சிக்கன் 65-க்கு நறுக்கும் எலும்பில்லாத சிறு துண்டு நாலைந்து நிமிடத்தில் வெந்துவிடுவதும், லெக் பீஸுக்குக் கால் மணி நேரம்வரை ஆவதும் இதனால்தான்.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த லெக் பீஸை அப்படியே 190 டிகிரி எண்ணெயில் போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று, நான்கு நிமிடத்தில் மிளகாய்த்தூளும் தயிரிலுள்ள சர்க்கரையும் கருக்கத் தொடங்கும். பயந்து வெளியே எடுத்தால் எலும்பருகே கறி வழவழவென்று பச்சையாகவே இருக்கும். தீயைக் கூட்டுவது இதைத் தீர்க்காது. எலும்பு தட்டும்வரை இரண்டு மூன்று கீறல் போட்டால், சூடு கடக்க வேண்டிய தூரம் குறையும். எண்ணெயை 160 டிகிரி அளவில் வைத்துப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் பொரித்து, எடுத்து ஐந்து நிமிடம் ஆறவிட வேண்டும். அந்த இடைவெளியில் மேற்சூடு உள்ளே இறங்கும். உள்ளிருக்கும் ஈரம் ஓட்டுக்கு வந்து அதை லேசாக இளக்கும். பிறகு 185 டிகிரியில் ஓரிரு நிமிடம் மறுபடி பொரித்தால் அந்த ஈரமும் போய் ஓடு மொறுமொறுவென்று இறுகும்.

வெந்ததா என்பதை நிறத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. இளம் பிராய்லர் கோழியின் எலும்பு முழுக்க இறுகியிருக்காது. மஜ்ஜையிலுள்ள சிவப்பு கசிந்து, நன்றாக வெந்த கறியையும் எலும்பருகே சிவப்பாகக் காட்டும். காஷ்மீரி மிளகாய் போட்ட கறியிலோ வேகாத இடத்தின் நிறமே தெரியாது. சமையல் தெர்மாமீட்டரின் ஊசியை எலும்பில் படாமல் மிகத் தடித்த இடத்தில் குத்தி, 74 டிகிரி காட்டினால் சால்மோனெல்லா போன்ற கிருமிகளைப் பற்றிக் கவலை வேண்டாம். அந்தக் கருவி இல்லாத வீட்டில், பெரிய துண்டொன்றை மூட்டருகே பிளந்து பார்க்கலாம்: கண்ணாடி போன்ற பளபளப்பு போய், கறி நார்நாராகப் பிரிய வேண்டும். இது உத்தேசமான சோதனைதான். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுப்பதானால் தெர்மாமீட்டர் வாங்கிவிடுவதே நல்லது.

துண்டுகள் எண்ணெயை அதிகம் உறிஞ்சுவது அடுப்பில் இருக்கும்போது அல்ல, வெளியே எடுத்த பிறகு. ஓடு ஆறத் தொடங்கியதும் துளைகளில் நின்ற ஆவி நீராகச் சுருங்கி, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை உள்ளே இழுக்கும். ஆகவே ஜல்லிக்கரண்டியிலேயே இரண்டு முறை உதறி, சூடு குறையும் முன் கம்பித் தட்டில் பரப்பிவிட வேண்டும். மூடி போட்டு வைத்தால், வெளியேறும் ஆவி மூடியில் பட்டு நீராகச் சொட்டி ஓட்டை நனைத்துவிடும்.