டயாலிசிஸ்: அஞ்சியதும் வாழ்ந்ததும்

டயாலிசிஸ் தொடங்க வேண்டும் என்று மருத்துவர் கூறும் நாளில், நோயாளியைவிட உடன் வந்தவரே முதலில் கலங்குவதைப் பலமுறை கண்டிருக்கிறோம். வளையமாதேவி முதலிய சுற்றூர்களிலிருந்து வருவோர் சிலர், "இனி வாழ்க்கையே இயந்திரத்தோடுதானா?" என்று கேட்டுச் சிகிச்சையைத் தள்ளிப்போடுகின்றனர். பின்னர் கால் வீங்கி, மூச்சுத் திணறி, அவசரப் பிரிவுக்கு வர நேரிடுகிறது. அம்முடிவின் அடியில் ஒரு கணிப்பு இருக்கிறது: இனி மகிழ்ச்சியே இராது என்பதே அது.

இக்கணிப்பு எவ்வளவு சரி என்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்து, 2005இல் முடிவை வெளியிட்டனர். டயாலிசிஸ் செய்துகொள்ளும் 49 பேரும், வயது முதலியவற்றில் அவர்களை ஒத்த நலமான 49 பேரும் அதில் பங்கேற்றனர். ஒவ்வொருவரிடமும் ஒரு கையடக்கக் கருவி ஒரு வாரம் இருந்தது. எதிர்பாராத வேளைகளில் அது ஒலிக்கும். அந்நொடியில் மனநிலை எப்படி என்று பதிய வேண்டும். இரு சாராரின் மனநிலையிலும் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் நலமானவர்களோ, தாம் நோயாளியானால் மிகுந்த துயரத்தில் இருப்போம் என்றே கணித்திருந்தனர். நோயாளிகளும், நோயே வராதிருந்தால் மிக மகிழ்ந்திருப்போம் என எண்ணினர். நலமானவர்களின் உண்மை மனநிலை அவ்வளவு உயர்வாக இல்லை.

பிழை எங்கே நேர்கிறது? வாரத்தில் 168 மணி நேரம் உண்டு. மூன்று அமர்வுகள், ஒவ்வொன்றும் நான்கு மணி நேரம் என்றால் இயந்திரத்தோடு கழிவது 12 மணி. பயணத்தையும் அமர்வுக்குப் பின் வரும் களைப்பையும் சேர்த்தாலும், பேரப்பிள்ளையோடு பேசுவதற்கும் திண்ணையில் அமர்வதற்கும் நேரம் எஞ்சுகிறது. அஞ்சும் மனம் அந்த 12 மணியை மட்டுமே காண்கிறது. நாளடைவில் பழகிக்கொள்ளும் தன் ஆற்றலையும் அது கணக்கில் கொள்வதில்லை.

மறுபுறமும் இப்பிழை நேர்வதுண்டு. சிறுநீரக மாற்றத்துக்குக் காத்திருந்தோரிடம் நடந்த மற்றோர் ஆய்வில், அறுவைக்குப் பின் வாழ்வு மேம்பட்டது. எனினும் அவர்கள் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை.

இதனால் துன்பமே இல்லை என்று நாங்கள் கூறவில்லை. உணவு, நீர்க் கட்டுப்பாடும் செலவும் மெய்யான சுமைகள். பழகிக்கொள்ளுதல் எல்லாருக்கும் கைகூடுவதுமில்லை. இரண்டு வாரங்களுக்கு மேல் எதிலும் நாட்டமின்மை, உறக்கக் கேடு, சாக விரும்பும் எண்ணம் ஆகியவை இருப்பின், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். சாக விரும்பும் எண்ணம் எழுந்தால் அன்றே மருத்துவரிடம் கூறுங்கள்.

முடிவெடுக்குமுன், சில மாதங்களாகச் சிகிச்சை பெறும் ஒருவரிடம் பேசிப் பாருங்கள். "டயாலிசிஸ் எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் ஊசியையும் இயந்திரத்தையும் பற்றியே விடை வரும். "நேற்றுக் காலை முதல் இரவு வரை என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள்.