சிங்குக்குக் கீழே எந்தப் பலகை?
(வீடு கட்டுகிறவர்களுக்கு: சமையலறைப் பகுதி)

சென்ற வாரம் மேடையின் உயரத்தையும் அகலத்தையும் பார்த்தோம். இந்த வாரம் அதற்குக் கீழே வரும் கப்போர்டுப் பலகை. சமையலறை முழுவதற்கும் ஒரே பலகையைச் சொல்லிவிடத் தேவையில்லை. ஆனால் சிங்குக்குக் கீழ் வரும் பெட்டியைத் தனியாக யோசித்தே ஆகவேண்டும்.

அந்தப் பெட்டிக்குள் தண்ணீர் பலகையின் முகத்தின் வழியாக வருவதில்லை. முகத்தில் மைக்கா ஒட்டியிருக்கும், அது தாங்கும். தண்ணீர் நுழைவது வெட்டுவாயில். பக்கப்பலகை தரையைத் தொடும் அடி விளிம்பு, கழிவுநீர்க் குழாய்க்காகப் போட்ட துளை, திருகு இறங்கிய ஓட்டை ஆகிய மூன்றும்தான் வாசல்கள். வெளியே தெரியும் விளிம்புகளுக்குப் பட்டை ஒட்டுகிற தச்சர், தெரியாத அடி விளிம்பைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுவார். வீடு கழுவும்போது தண்ணீர் தேங்குவது அங்கேதான்.

பார்ட்டிகிள் போர்டு என்பது மரச்சில்லுகளைப் பசையோடு சேர்த்துச் சூட்டில் அழுத்திய பலகை. அழுத்தத்தில் நசுங்கிய சில்லு, நீர் பட்டதும் பழைய பருமனுக்குத் திரும்பப் பார்க்கும். அதில் வழக்கமாகச் சேர்க்கும் யூரியா பசைக்கு நீண்ட ஈரத்தைத் தாங்கும் வலுவில்லை. சில்லுகள் விலகிவிட்டால், பலகை காய்ந்தாலும் பழைய தடிப்புக்கு வராது. எம்.டி.எஃப். சில்லுக்குப் பதில் நுண்ணிய நாரால் ஆனது. அடர்த்தி அதிகம் என்பதால் நீர் மெதுவாக ஏறலாம். ஆனால் விளிம்பு உப்பிய பிறகு அதுவும் மீளாது. உள்ளே பச்சை நிறம் தெரியும் பலகையை ‘தண்ணீர் படலாம்’ என்று சொல்லி விற்பதுண்டு. பச்சை என்பது அடையாளத்துக்குக் கலந்த சாயம். அந்த வகை காற்றின் ஈரத்தைக் கூடுதலாகத் தாங்கும், தேங்கிய நீரைத் தாங்காது.

மரைன் ப்ளைவுட்டில் மெல்லிய மரத்தாள்கள் ஒன்றின் குறுக்கே ஒன்றாக அடுக்கப்பட்டு, ஃபீனால் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். இந்தியத் தரமான ஐ.எஸ். 710, இதன் துண்டை 72 மணி நேரம் கொதிநீரில் போட்டும் ஒட்டு விடக்கூடாது என்கிறது. மரம் நனையும், கொஞ்சம் பருக்கும், காய்ந்தால் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பும். அதற்காக ஓயாத கசிவையும் அது பொறுத்துக்கொள்ளும் என்று நினைக்கக்கூடாது. தொடர்ந்து ஈரமாகவே இருந்தால் மரம் மக்கத்தான் செய்யும்.

இனி திருகு. 70 செ.மீ. உயரம், 45 செ.மீ. அகலம், 18 மி.மீ. தடிப்புள்ள எம்.டி.எஃப். கதவு ஒன்று சுமார் நாலேகால் கிலோ இருக்கும். கீல்கள் இரண்டும் 50 செ.மீ. இடைவெளியில் இருப்பதாகக் கொள்வோம். கதவைத் திறந்தால் அதன் எடை மேல் கீலை வெளிப்பக்கமாக இழுக்கும். அந்த இழுப்பு ஏறத்தாழ 2 கிலோதான். காய்ந்த நிலையில் மூன்று பலகைகளுமே இதை எளிதாகத் தாங்கும். கதவின் நுனியில் யாராவது 15 கிலோ அளவுக்குச் சாய்ந்தால் இன்னொரு பதின்மூன்றரை கிலோ சேர்ந்துகொள்ளும். அதையும் நல்ல பலகை தாங்கிவிடும். ஆக, கீல் பிடுங்கிக்கொண்டு வருவதற்குக் கதவின் எடை மட்டும் காரணமில்லை. ஈரம் ஏறிய சில்லுப்பலகையில் திருகின் மறை பற்றிக்கொள்ள எதுவும் மிச்சமில்லை என்பதே காரணம். கதவு மெல்லத் தாழ்ந்து பக்கத்துக் கதவோடு உரசத் தொடங்குவது முதல் அறிகுறி. திருகை முடுக்கும்போது இறுகாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் பிடி போய்விட்டது என்று பொருள்.

முகத்தில் இறங்கும் திருகும் விளிம்பில் இறங்கும் திருகும் ஒன்றல்ல. எம்.டி.எஃப். முகத்தில் திருகு நன்றாகப் பிடிக்கும். விளிம்பில் முன்துளை போடாமல் முடுக்கினால் பலகை நடுவில் பிளந்துகொள்ளும். சில்லுப்பலகையில் விளிம்பின் நடுப்பகுதி பொலபொலவென்று இருப்பதால் பிடி இன்னும் குறைவு. ப்ளைவுட் விளிம்பிலும் அடுக்குகள் விலகலாம், முன்துளை அதற்கும் வேண்டும். இருந்தாலும் குறுக்கு நெடுக்காக ஓடும் முழு மர இழைகளைத் திருகு கவ்வுவதால், கழற்றி மாட்டினாலும் பிடி விடுவது குறைவு. வாங்கும்போது வெட்டிய விளிம்பைப் பாருங்கள். அடுக்குகளுக்கு நடுவே கறுப்புச் சந்துகள் தெரிந்தால், திருகு அந்த வெற்றிடத்தில் போய் விழும். மரைன் என்று முத்திரை இருந்தாலும் அந்தப் பலகை வேண்டாம்.

பிடி விட்ட துளையை ப்ளைவுட்டில் சரிசெய்யலாம். 8 மி.மீ. அளவுக்குத் துளையைப் பெரிதாக்கி, மர ஆப்பைப் பசை தடவி அடித்து, ஒரு நாள் காயவிட்டு, புது முன்துளை போட்டுத் திருகலாம். காய்ந்த சில்லுப்பலகையிலும் இது நிற்கும். உப்பிய பலகையில் நிற்காது, ஏனென்றால் ஆப்பைச் சுற்றியுள்ள சில்லே உதிர்ந்துகொண்டிருக்கும். அங்கே பக்கப்பலகையை மாற்றுவதுதான் வழி.

என் கணக்கு இதுதான்: சிங்குப் பெட்டியின் அடியும் பக்கங்களும் ஐ.எஸ். 710 ப்ளைவுட். பெயின்ட் அடிக்கும் கதவுகளுக்கு வழவழப்பான எம்.டி.எஃப். நீர் அண்டாத மேல் அலமாரிகளுக்குப் பணம் இடித்தால் சில்லுப்பலகை போதும். சிங்குப் பெட்டியைத் தரையில் உட்காரவிடாமல் பிளாஸ்டிக் கால்களில் நிறுத்தச் சொல்லுங்கள். குழாய்த் துளையின் வெட்டுவாயில் எபாக்சி பூசி, அது காய்ந்த பிறகு குழாயைச் சுற்றி சிலிக்கான் அடைக்கச் சொல்லுங்கள். குழாய் மாட்டிய பின் அந்த வெட்டுவாய்க்குள் தூரிகை போகாது, எனவே பிளம்பர் வருவதற்கு முந்தின நாளே தச்சர் இதை முடித்திருக்க வேண்டும்.