மூலத்துக்கு மாத்திரை: ரத்தம் நிற்கும், சதை சுருங்காது

மலம் கழித்ததும் சொட்டுச் சொட்டாகச் சிவந்த ரத்தம். உள்மூலம்தான் என்று பரிசோதித்து உறுதி செய்த மருத்துவர், டையோஸ்மின் 450 மில்லிகிராமும் ஹெஸ்பெரிடின் 50 மில்லிகிராமும் கலந்த மாத்திரையை எழுதுகிறார். இரண்டும் ஃபிளேவனாய்டுகள், ஹெஸ்பெரிடின் ஆரஞ்சுத் தோலில் நிறைய உண்டு.

திடீரெனக் கிளம்பிய மூலத்துக்கு அளவு கூடுதல்: முதல் 4 நாள் தினம் 6 மாத்திரை, அடுத்த 3 நாள் தினம் 4, பிரித்துப் பிரித்துச் சாப்பாட்டோடு. எண்ணிக்கையைப் பார்த்துப் பயந்து, தாமாகவே ஒன்றிரண்டாகக் குறைத்துக்கொள்வோர் உண்டு. பிறகு மருந்து கேட்கவில்லை என்பார்கள். வயிறு லேசாகக் கலங்கலாம்.

இது தளர்ந்த ரத்தக்குழாய்ச் சுவரை இறுக்கி, கசிவையும் வீக்கத்தையும் குறைக்கிறது. இவ்வகை மருந்துகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2012-இல் காக்ரேன் வெளியிட்ட அலசலில், ரத்தப்போக்கும் அரிப்பும் கசிவும் குறைந்தது தெரிந்தது. வலியில் மட்டும் உறுதியான பலன் தெரியவில்லை.

வெளியே தள்ளிய சதையை மாத்திரை உள்ளே இழுக்காது. அதற்கு வளையம் போடுவதோ அறுவை சிகிச்சையோதான். முக்கி முக்கி மலம் கழிப்பவருக்கு, நார்ச்சத்தும் தண்ணீரும் கூடாவிட்டால் ரத்தம் திரும்ப வரும்.

மாத்திரையில் ரத்தம் நின்றதாலேயே அது மூலம்தான் என்று ஆகிவிடாது. குடல் புற்றிலும் ரத்தம் விட்டுவிட்டுத்தான் வரும். கறுத்த மலம், எடை குறைவு, மலம் கழிக்கும் வழக்கத்தில் மாற்றம் இருந்தால் குடலை உள்நோக்கிப் பார்க்க வேண்டும்.