டீச்சர் சிங்கப்பூர் போறாங்க… பெற்றோருக்கு மெசேஜ் ரெடியாகுது!

ராத்திரி ஒன்பது மணிக்கு முன்னால் அனுப்பவே கூடாதாம்! கடைக்கும் கம்பெனிக்கும் போன அப்பாக்கள் வீடு திரும்பி, சாப்பிட்டுவிட்டுப் போனைக் கையில் எடுக்கும் நேரம் அதுதான் என்கிறார் டீச்சர்.

மதுரை வில்லாபுரத்தில் ஒரு மாடி அறை. பத்தாம் வகுப்புக் கணக்கு டியூஷன். அண்ணன் மகள் கல்யாணத்துக்காக டீச்சர் நவம்பரில் பத்து நாள் சிங்கப்பூர் போகிறார். அந்த நாட்களில் வகுப்பு ஆன்லைனில். இதைச் சொல்லும் ஒரே ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் தயாராவதைப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். அடேயப்பா, அதற்குள் இவ்வளவு கணக்கா!

முதலில் நேரம். வகுப்பு எப்போதும் மாலை 6.30க்கு. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுவதால், அங்கே அப்போது இரவு 9. கல்யாண வீட்டுச் சாப்பாடு முடிந்து, ஒரு ரூமில் கதவைச் சாத்திக்கொள்ளத் தோதான நேரம்! ஆனால் மெசேஜில் சிங்கப்பூர் நேரம் எங்குமே கிடையாது. “ரெண்டு நேரம் போட்டா, பாதிப் பேரு ஒன்பது மணிக்கு வந்து நிப்பாங்க” என்று சொல்லி, எழுதியிருந்ததை அழித்தே விட்டார்.

அடுத்தது பாடம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வில் வடிவியல் வரைதலுக்கு 8 மதிப்பெண், வரைபடத்துக்கு 8. இந்த இரண்டையும் ஆன்லைனில் தொடவே மாட்டாராம். வட்டத்துக்கு வெளியே உள்ள புள்ளியிலிருந்து தொடுகோடு வரையும்போது, காம்பஸ் முனை ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் அளவு மாறிப்போகும். பிள்ளையின் கையைப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் அந்தத் தப்பு தெரியும். போன் கேமராவில் எல்லாக் கோடும் சரியாக இருப்பதுபோலவே தோன்றும். அதனால் கிளம்புவதற்கு முந்தின வாரம் முழுக்க காம்பஸ் வேலை. ஆன்லைனுக்கு ஒதுக்கியது நிகழ்தகவு. இரண்டு பகடை உருட்டினால் வரும் 36 விளைவுகளையும் நோட்டில் எழுதி ஒரு போட்டோ அனுப்பினால் போதும், யார் எங்கே விட்டிருக்கிறார்கள் என்று பளிச்சென்று தெரிந்துவிடும்!

இலவச கூகுள் மீட்டில் இரண்டு பேருக்கு மேல் போனால் 60 நிமிடத்தோடு சரி. அதனால் 50 நிமிடம் பாடம், பத்து நிமிடம் ஓய்வு, பிறகு வேறொரு லிங்கில் அரை மணி நேரம் சந்தேகம். கணக்கின் நடுவே கட்டாகிற பேச்சே இல்லை!

நள்ளிரவு வரை திருத்துவாரோ என்று நினைத்தேன். 9.10க்கு முடித்துவிட்டார். இதோ:

“பெற்றோர்களுக்கு வணக்கம். நவம்பர் 14 முதல் 23 வரை நான் வெளியூர் செல்வதால் வகுப்பு ஆன்லைனில் நடக்கும். நேரம் மாறாது, மாலை 6.30. ஞாயிறு விடுமுறை. நிகழ்தகவு நடத்துவேன். 24ஆம் தேதி நேரில் டெஸ்ட். ஃபீஸில் மாற்றம் இல்லை. வகுப்பு எதுவும் குறையாது. நாளை மாலை 6.30க்கு ட்ரையல். பிள்ளைகள் அவரவர் வீட்டிலிருந்தே சேரவும். மாலையில் வீட்டில் போன் இல்லாதவர்கள் எனக்குத் தனியாகச் சொல்லவும்.”

‘அவரவர் வீட்டிலிருந்தே’ எதற்கு? ஒரே அறையில் இரண்டு போன் மீட்டில் இருந்தால், ஒன்றின் சத்தம் மற்றொன்றின் மைக்கில் புகுந்து கீச்சென்று கத்தும். ட்ரையலில் இன்னொரு வேடிக்கை! பிள்ளைகள் வருவது அப்பாவின் அக்கவுண்டில். உள்ளே விடச் சொல்லிக் கேட்பது ஒரு மளிகைக் கடை, ஒரு ஒர்க்ஷாப், யாரோ ஒரு தாத்தா! எந்தப் பெயர் எந்தப் பிள்ளை என்று டீச்சர் ஒரு நோட்டில் குறித்துக்கொள்வாராம். தெரியாத பெயருக்கு அனுமதி கிடையாது.

குரூப்பில் அட்மின் மட்டும் பேசும்படி மாற்றிவிட்டுத்தான் மெசேஜ் போனது. இல்லாவிட்டால் ‘ஓகே டீச்சர்’ வரிசையில் தேதி மேலே போய்விடும். பதில்கள் தனித்தனியாக வந்து குவிந்தன. ஒரு அம்மா வாய்ஸ் மெசேஜில், “டீச்சர், அவங்கப்பா எட்டு மணிக்குத்தான் போனோட வருவாரு” என்றார். டீச்சர் உடனே கூப்பிட்டார். “கவலைப்படாதீங்கம்மா, பாடத்தை ரெக்கார்டு பண்ணி எட்டரைக்கு அனுப்பிடுறேன். போட்டுப் பார்த்துட்டு, கணக்கைப் போட்டு போட்டோ மட்டும் அனுப்பச் சொல்லுங்க.” ரெக்கார்டு என்றால் பெரிய ஏற்பாடு ஒன்றுமில்லை. புத்தக அடுக்கின் மேல் போனைத் திரை மேலே இருக்கும்படி படுக்கவைத்து, பின்பக்கக் கேமரா வெளியே நீட்டியிருக்க, கீழே வெள்ளைத் தாளில் எழுதும் கை. அவ்வளவுதான்!

உங்கள் வீட்டுக்கும் இப்படி ஒரு மெசேஜ் வந்தால், ட்ரையல் அன்றைக்கு மட்டும் பிள்ளை பக்கத்தில் ஐந்து நிமிடம் உட்காருங்கள். மைக், பெயர், சார்ஜ் மூன்றையும் பார்த்துவிடுங்கள். மாலையில் போன் இருக்காது என்றால் கூச்சப்படாமல் அன்றே டீச்சரிடம் சொல்லிவிடுங்கள்.