எந்த லைன் மெல்லத் தாமதமாகிறது?

ஈரோட்டிலிருந்து சென்னிமலைப் போர்வைகளை ஊர் ஊராக அனுப்பும் ஒரு சிறு வியாபாரியை எடுத்துக்கொள்வோம். நாகர்கோவில், தஞ்சாவூர், ஓசூர் என்று பன்னிரண்டு லைன்களில் அவருடைய பார்சல் போகிறது. ஒரு லைன் கெட்டுப்போவது அவருக்கு எப்போது தெரிகிறது? வாடிக்கையாளர் போன் செய்து திட்டும்போது. ஆனால் திட்டுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் பேசாமல் அடுத்த முறை வேறு கடையில் வாங்கிவிடுகிறார்கள். புகார் குவியத் தொடங்கும்போது அந்த லைன் சில வாரங்களாகவே சரிந்துகொண்டிருக்கும். அந்தச் சரிவை முன்கூட்டியே காட்டும் தகவல் அவர் கையிலேயே இருக்கிறது: புக்கிங் தேதி, ஊர், சேர வேண்டிய தேதி, சேர்ந்த தேதி. எக்செல்லில் பார்சலுக்கு ஒரு வரி என்று இந்த நான்கையும் எழுதிவந்தால் போதும்.

இதில் சறுக்குகிற இடம் 'சேர வேண்டிய தேதி'. ட்ராக்கிங் பக்கம் காட்டும் எதிர்பார்ப்புத் தேதி நிலையானதாக இருக்க வேண்டியதில்லை. லோடு நடுவழியில் நின்றால் அந்தத் தேதியும் கூடவே தள்ளிப்போகலாம். கடைசியாகத் தெரிந்த தேதியை எழுதிக்கொண்டால் எந்தப் பார்சலும் தாமதமானதாகவே கணக்கில் வராது. அதனால் புக்கிங் அன்று சொன்ன கெடுவை அன்றைக்கே எழுதிவிட வேண்டும், பிறகு அதைத் தொடக்கூடாது. நாகர்கோவிலுக்கு இரண்டு வேலைநாள் என்றால், ஞாயிறை விட்டுவிட்டு எக்செல்லே கெடுவைப் போட்டுத்தரும். A புக்கிங் தேதி, B ஊர், C கெடு, D சேர்ந்த தேதி, E தாமதமா இல்லையா என்று வைத்துக்கொண்டால், C2, E2 இரண்டுக்கும் சூத்திரங்கள் இவை:

```
=WORKDAY.INTL(A2,2,11)
=IF(D2="",IF(TODAY()>C2,1,""),IF(D2>C2,1,0))
```

இரண்டாவது சூத்திரத்தின் நடுப்பகுதியைக் கவனியுங்கள். பார்சல் இன்னும் சேரவில்லை, கெடுவும் தாண்டிவிட்டது என்றால் அதற்கும் 1. பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். சேர்ந்த பார்சல்களை மட்டும் எடுத்து, எத்தனை நாளில் போனது என்று பார்க்கிறார்கள். அப்படிப் பார்த்தால் மிக மோசமாகச் சிக்கிக்கொண்ட பார்சல்கள்தான் கணக்குக்கு வெளியே நிற்கும். ஹப்பில் ஒரு வாரமாகக் கிடக்கிற மூட்டை இன்னும் 'சேராத' மூட்டை என்பதால், லைன் நன்றாக ஓடுவது போலவே தெரியும்.

இதே காரணத்தால்தான் வாரத்தைச் சேர்ந்த தேதியை வைத்துப் பிரிக்காமல் புக்கிங் தேதியை வைத்துப் பிரிக்க வேண்டும். திங்கள் முதல் சனி வரை புக்கான எல்லாப் பார்சலும் ஒரு கூட்டம். அந்தக் கூட்டத்தின் கடைசிப் பார்சலுக்கும் கெடு தாண்டிய பிறகே அந்த வாரத்துக்குச் சதவீதம் போட வேண்டும். அதற்கு முன் போட்டால், சீக்கிரம் சேர்ந்தவை மட்டும் உள்ளே வந்துவிட, நடப்பு வாரம் எப்போதும் அழகாகவே தோன்றும்.

இனி, ஏறுகிறதா என்ற கேள்வி. கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. நாகர்கோவில் லைனில் வாரம் 60 பார்சல். நான்கு வாரங்களில் தாமதமானவை 3, 5, 8, 12. அதாவது 5 சதவீதத்தில் தொடங்கி 20-ல் வந்து நிற்கிறது. ஓசூர் லைனில் வாரம் 20 பார்சல்தான். தாமதமானவை 1, 2, 3, 4. இதுவும் 5-ல் தொடங்கி 20 சதவீதம். வரைபடம் போட்டால் இரண்டு கோடும் ஏறக்குறைய ஒன்றாகவே ஏறும். ஆனால் இரண்டையும் ஒரே மாதிரி நம்ப முடியாது.

ஏனென்று பார்ப்போம். நான்கு வெவ்வேறு எண்களை 24 விதமாக வரிசைப்படுத்தலாம். அவற்றில் ஒன்றே ஒன்றுதான் முதலிலிருந்து கடைசி வரை ஏறுமுகமாக இருக்கும். ஆக, லைனில் எதுவுமே மாறாமல், எண்கள் சும்மா மேலும் கீழும் ஆடினாலும், நான்கு வாரம் தொடர்ந்து ஏறுவதற்கு 24-ல் ஒரு வாய்ப்பு உண்டு. பன்னிரண்டு லைன்களைக் கவனிக்கிறவருக்கு ஏறத்தாழ இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு பொய் எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கும். நான்கைந்து பொய் எச்சரிக்கைக்குப் பிறகு அவர் அந்தப் பட்டியலைத் திறப்பதையே நிறுத்திவிடுவார். இந்த வேலை பெரும்பாலும் இப்படித்தான் கைவிடப்படுகிறது என்பது என் எண்ணம்.

எனவே ஏறுமுகத்தோடு இன்னொரு நிபந்தனையும் வேண்டும். முதல் இரண்டு வாரத் தாமதங்களைக் கூட்டுங்கள், பின் இரண்டு வாரத் தாமதங்களைக் கூட்டுங்கள். பார்சல் எண்ணிக்கை வாரந்தோறும் ஏறக்குறைய சமமாக இருந்தால், இரண்டு கூட்டுத்தொகைகளின் வித்தியாசம், மொத்தத் தாமதத்தின் வர்க்கமூலத்தைப் போல இரண்டு மடங்கைத் தாண்ட வேண்டும். நாகர்கோவிலுக்கு முன்பு 8, பின்பு 20, வித்தியாசம் 12. மொத்தம் 28, அதன் வர்க்கமூலம் 5.3, இரண்டு மடங்கு 10.6. பன்னிரண்டு அதைத் தாண்டுகிறது, கொடி ஏற்றலாம். ஓசூருக்கு முன்பு 3, பின்பு 7, வித்தியாசம் 4. மொத்தம் 10, வர்க்கமூலம் 3.2, இரண்டு மடங்கு 6.3. தாண்டவில்லை. ஓசூர் சரியாக இருக்கிறது என்று இதற்குப் பொருள் இல்லை, சொல்லும் அளவுக்குச் சான்று இன்னும் சேரவில்லை. பார்சல் குறைவான லைனுக்கு இரண்டு வாரத்தை ஒன்றாகச் சேர்த்து, பொறுமையாகத்தான் பார்க்க முடியும்.

தீபாவளிக்கு முந்தைய வாரங்களிலும் வடகிழக்குப் பருவமழை வலுக்கும்போதும் எல்லா லைனும் சேர்ந்தே ஏறக்கூடும். அப்போது நாகர்கோவிலை மற்ற பதினொரு லைன்களின் மொத்தச் சதவீதத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எல்லாம் இரட்டிப்பாகியிருக்கும் வாரத்தில் நாகர்கோவிலும் இரட்டிப்பானால், அது அந்த லைனின் குற்றமல்ல.

கொடி ஏறிய பிறகு தாமதமான பார்சல்களின் ட்ராக்கிங்கைத் திறந்து, ஒவ்வொரு ஸ்கேனுக்கும் இடையில் எத்தனை மணி நேரம் என்று எழுதிப் பாருங்கள். பக்கத்தில், முதல் வாரங்களில் ஒழுங்காகப் போன பத்துப் பன்னிரண்டு பார்சல்களையும் அதேபோல எழுதுங்கள். சராசரி வேண்டாம், காணாமல் போய்த் திரும்பிய ஒரே பார்சல் அதைக் கெடுத்துவிடும். வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் எண்ணை எடுங்கள். எந்தக் கட்டம் நீண்டிருக்கிறதோ அங்கேதான் கோளாறு. மதுரை ஹப்புக்கு முன்போலவே விடியலில் வந்து, முன்பு காலையிலேயே கிளம்பியது இப்போது மாலையில் கிளம்புகிறது என்றால், தெற்கே போகும் காலை வண்டி தவறுகிறது. ஈரோட்டுக் கிளையிலிருந்தே மறுநாள்தான் கிளம்புகிறது என்றால், லோடு கட்டும் நேரத்தை முன்னே தள்ளியிருக்கிறார்கள். பார்சலை மாலை ஐந்துக்குப் பதில் மூன்றுக்குக் கொடுத்தாலே இது தீர்ந்துவிடலாம்.

கடைசிக் கட்டத்தில் மட்டும் ஸ்கேனை அப்படியே நம்பக் கூடாது. 'டோர் லாக்' என்று போட்டிருக்கும், ஆனால் வாடிக்கையாளர் நாள் முழுக்க வீட்டில்தான் இருந்தேன் என்பார். இருவரில் யார் சொல்வது சரி என்று நேரத்தைப் பார்த்தால் ஓரளவு தெரியும். வெவ்வேறு தெருக்களில் உள்ள ஏழெட்டுப் பார்சலுக்கு இரவு எட்டு மணிக்கு ஓரிரு நிமிட இடைவெளியில் 'டோர் லாக்' விழுந்திருந்தால், ஒருவர் அத்தனை வீட்டுக்கும் போய்க் கதவைத் தட்டியிருக்க முடியாது. கிளையில் உட்கார்ந்து மொத்தமாகப் போட்டிருக்க வாய்ப்பு அதிகம். அதற்காக டெலிவரி பையன் மீது பாய்வதிலும் நியாயமில்லை. ஒரு நாளில் சுற்றி முடிக்க முடியாத அளவுக்கு அவர் பையில் மூட்டை கூடியிருக்கலாம். கிளை மேலாளரிடம் கேட்க வேண்டியது, அந்தப் பகுதிக்கு இப்போது எத்தனை பேர் போகிறார்கள், முன்பு எத்தனை பேர் போனார்கள் என்பதைத்தான்.

பேசிவிட்டு வந்த அடுத்த வாரமே சதவீதம் இறங்கினால் உடனே கொடியை இறக்க வேண்டாம். உச்சத்தைத் தொட்ட எண், யாரும் எதுவும் செய்யாவிட்டாலும் சற்றுக் கீழே வருவது இயல்பு. நாகர்கோவிலில் 20 சதவீதம் 14 ஆவது தீர்வல்ல. நீண்டிருந்த அந்த மதுரைக் கட்டம் பழைய மணி நேரத்துக்குத் திரும்பியிருக்கிறதா, இரண்டு மூன்று வாரக் கூட்டங்கள் மீண்டும் 5 சதவீதத்தின் பக்கத்தில் நிற்கின்றனவா என்று பார்த்த பிறகு இறக்கலாம். நிற்கவில்லை என்றால் அந்த லைனின் பாதிப் பார்சலை வேறு கூரியரில் போட்டு, இரண்டுக்கும் இதே கணக்கைத் தனித்தனியே எழுதிவரலாம்.